ஏழாம் நாள் காய்ச்சல், ஆறாம் நாள் தடிப்பு

டிசம்பர் மாதம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பெண் குழந்தையை அம்மாவும் பாட்டியும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏழு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் பக்கத்து ஊர் கிளினிக்கில் அமாக்சிசிலின் சிரப் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. நேற்று, அதாவது ஆறாம் நாள், வயிற்றிலும் முதுகிலும் சிவப்பாகத் தடிப்பு கிளம்பியது. அதே நாள் எடுத்த டெங்கு என்எஸ்1 பரிசோதனை நெகட்டிவ். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது. கண் இரண்டும் சிவந்திருக்கின்றன, ஆனால் பீளை இல்லை. இருமல், மூக்கொழுகல் எதுவும் இல்லை.

இது பாடம் நடத்துவதற்காக, பார்த்த பல குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து நான் கட்டிய கேஸ். குழந்தைகள் நல மேற்படிப்பு மாணவர்களிடம் இதைக் கொடுத்து, "டிஃபரன்ஷியலை, அதாவது எந்தெந்த நோயாக இருக்கலாம் என்ற பட்டியலை, எடைபோட்டு ஒரு கட்டுரை எழுதுங்கள்" என்று சொல்வேன். வரும் விடைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். தட்டம்மை, ரூபெல்லா, ரோசியோலா, ஸ்கார்லெட் காய்ச்சல், சின்னம்மை, டெங்கு, மெனிஞ்சோகாக்கஸ், கவாசாகி, ஸ்க்ரப் டைபஸ், மருந்து ஒவ்வாமை என்று தொடங்கி வரிசையாகப் பதினான்கு நோய்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. எழுதியதில் தப்பு எதுவும் இருக்காது. ஆனால் குழந்தையின் வயதை மாற்றி, மாதத்தை மாற்றி, தடிப்பு வந்த நாளை மாற்றிக் கொடுத்தாலும் அதே கட்டுரை அப்படியே செல்லும். அப்படிச் செல்லும் எழுத்தில் எடைபோடுதல் நடக்கவில்லை என்று அர்த்தம்.

எடைபோடுதல் முதல் வாக்கியத்திலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தையை ஒரே வாக்கியத்தில் சுருக்கிச் சொல்ல வேண்டும். எதை உள்ளே வைக்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பதில் பாதி யோசனை தெரிந்துவிடும். "நான்கு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலும் தடிப்பும்" என்று எழுதினால் எந்த நோயும் வெளியே போகவில்லை. நான் எதிர்பார்ப்பது இப்படி: "மழைக்காலம் முடிகிற நேரத்தில், வயலோரம் வசிக்கும், தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்ட நான்கு வயதுக் குழந்தை; ஏழு நாள் விடாத காய்ச்சல், ஆறாம் நாள் உடம்பின் நடுப்பகுதியில் தொடங்கிய, அழுத்தினால் மறைகிற தடிப்பு, முக வீக்கம், கல்லீரலும் மண்ணீரலும் பெரிதாகியிருத்தல், குறைந்த பிளேட்லெட்." இதில் வீண் சொல் கிடையாது. தடுப்பூசி என்ற சொல் தட்டம்மையைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது. வயலோரம் என்ற சொல் ஒரு பூச்சியை உள்ளே கொண்டுவருகிறது. மண்ணீரல் என்ற சொல் சாதாரண வைரஸ் தடிப்புகளையும் மருந்து ஒவ்வாமையையும் ஓரங்கட்டுகிறது.

அடுத்து, எது அதிகம் சாத்தியம் என்று கேட்பதற்கு முன்னால், எதைத் தவறவிட்டால் இன்றிரவே குழந்தை கையைவிட்டுப் போகும் என்று கேட்க வேண்டும். கட்டுரையின் முதல் பத்தி இதற்குத்தான். தடிப்பின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறைந்தால், அது விரிந்த ரத்தக்குழாய்களின் நிறம். மறையாவிட்டால் தோலுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. அப்போது மெனிஞ்சோகாக்கஸ் மாதிரியான ரத்தத் தொற்று முதலில் வருகிறது, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் போக வேண்டும். எச்சரிக்கை ஒன்று: மெனிஞ்சோகாக்கஸ் தடிப்பும் ஆரம்ப மணி நேரங்களில் அழுத்தினால் மறையலாம். அதனால் டம்ளரை மட்டும் நம்பக்கூடாது. கை கால் சில்லிட்டிருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா, தொட்டால் தாங்காத கால் வலி இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் குழந்தைக்கு இவை எதுவும் இல்லை. ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. ஏழு நாள் தாக்குப்பிடித்து, மடியில் உட்கார்ந்து நம்மை முறைத்துப் பார்க்கிற குழந்தைக்கு அதிவேக மெனிஞ்சோகாக்கஸ் பொருந்தாது. இதை இரண்டு வரியில், காரணத்தோடு எழுதிவிட்டு நகரலாம். காரணம் இல்லாமல் "மெனிஞ்சோகாக்கஸ் இல்லை" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன்.

சரி, இப்போது நாட்களுக்கு வருவோம். தடிப்பின் வடிவத்தைவிட, அது எந்த நாளில் வந்தது, அப்போது காய்ச்சல் என்ன செய்தது என்ற கணக்கு அதிகம் பேசும். தட்டம்மையில் மூன்று நான்கு நாள் இருமல், மூக்கொழுகல், கண் சிவப்போடு காய்ச்சல் ஏறும். பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியோரத்திலும் தடிப்பு தொடங்கி கீழே இறங்கும். தடிப்பு பரவும்போது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும். ரோசியோலாவில் இதற்கு நேர் எதிர். காய்ச்சல் மூன்று நான்கு நாள் அடித்துவிட்டு விடும், விட்ட பிறகுதான் தடிப்பு வரும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். ஸ்கார்லெட் காய்ச்சலில் முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வந்துவிடும், தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். டெங்குவில் முதல் ஓரிரு நாள் முகமும் மார்பும் சிவக்கும். அப்புறம் காய்ச்சல் இறங்கிய பிறகு, சிவப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் விட்ட மாதிரி இரண்டாவது தடிப்பு வரும். புதர்ப் பூச்சியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸில் முதல் வாரம் முடிகிற சமயத்தில் உடம்பின் நடுப்பகுதியில் தொடங்கி கை கால்களுக்குப் பரவும், காய்ச்சல் குறையாமலே.

இந்த வரிசையில் நம் குழந்தையை வைத்துப் பாருங்கள். ஆறாம் நாள் தடிப்பு, காய்ச்சல் இன்னும் 39.4 டிகிரி செல்சியஸ், முகத்தில் தொடங்கவில்லை, சளி இருமல் இல்லை. தட்டம்மையும் ரோசியோலாவும் ஸ்கார்லெட் காய்ச்சலும் ஒரே கணக்கில் பின்னால் போய்விட்டன. தனித்தனியாகப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை.

இங்கே வீட்டார் சொல்வதைக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாட்டி சொல்கிறார்: "அம்மை போட்டிருக்குன்னு தலைக்குத் தண்ணி ஊத்தலைங்க, மருந்தையும் நேத்தோட நிறுத்திட்டோம்." தடிப்பு என்றாலே அம்மை என்று வேப்பிலை வைத்து, மருந்தை நிறுத்தி, முழுக்கைச் சட்டை போட்டு மூடி வைப்பது நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. இதைக் குறை சொல்லும் தொனியில் எழுதினால் அடுத்த உண்மை வெளியே வராது. கட்டுரையில் இதற்கு இரண்டு பயன். மருந்து எப்போது நின்றது என்ற தேதி கிடைக்கிறது. இரண்டாவது, குழந்தையின் உடம்பை வீட்டில் யாரும் நேற்றிலிருந்து முழுசாகப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. தடிப்பு எங்கே தொடங்கியது என்று அவர்கள் சொல்வதற்கு அந்த அளவுக்குத்தான் எடை கொடுக்க முடியும்.

இன்னொன்று, பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெளிர்த் தோலில் எடுத்தவை. நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. கொஞ்சம் அடர்ந்த பழுப்பாக, சில சமயம் வெறும் மேடு பள்ளமாகத்தான் தெரியும். ஜன்னலோரம் கொண்டுபோய் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பார்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து எழுதுங்கள். டியூப் லைட்டின் கீழ் பார்த்துவிட்டு "தடிப்பு இல்லை" என்று எழுதிய எத்தனையோ கேஸ் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சமிருக்கும் போட்டியாளர்கள் நான்கு பேர்: மருந்து ஒவ்வாமை, டெங்கு, ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் கவாசாகி, ஸ்க்ரப் டைபஸ். டைபாய்டும் மலேரியாவும் பட்டியலில் உண்டு. ரத்தக் கல்ச்சரும் ஸ்மியரும் அனுப்பியாயிற்று என்று ஒரு வரி போதும்; இந்தக் குழந்தையின் தடிப்பை அவை சரியாக விளக்கவில்லை.

மருந்து ஒவ்வாமை எளிதாக ஆளை ஏமாற்றும். மூன்றாம் நாள் அமாக்சிசிலின், ஆறாம் நாள் தடிப்பு என்ற நேரக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு நோயை எடைபோடும்போது அது எதை விளக்குகிறது என்பதோடு, எதை விளக்காமல் விடுகிறது என்றும் கேட்க வேண்டும். மருந்துக்கு முன்பே இருந்த காய்ச்சலை அது விளக்கவில்லை. இரண்டு சென்டிமீட்டர் கைக்குத் தட்டுப்படும் மண்ணீரலையும் 86,000 பிளேட்லெட்டையும் விளக்கவில்லை. அதிகபட்சம், வேறொரு நோயின் மேல் இது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

டெங்குவுக்கு ஆதரவாகப் பருவமும் பிளேட்லெட்டும் இருக்கின்றன. மாணவர்கள் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள்: "என்எஸ்1 நெகட்டிவ், ஆகவே டெங்கு இல்லை." என்எஸ்1 முதல் நான்கைந்து நாளுக்கான பரிசோதனை. ஆறாம் நாள் எடுத்த நெகட்டிவுக்கு எடை மிகக் குறைவு. எந்தப் பரிசோதனை முடிவையும், அது எடுக்கப்பட்ட நாளைப் பக்கத்தில் எழுதாமல் கட்டுரையில் சேர்க்கக்கூடாது. டெங்குவை உண்மையில் கீழே தள்ளுவது வேறு. ஏழாம் நாளிலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கிறது. டெங்குவில் இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். பிளேட்லெட் இவ்வளவு இறங்கியும் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமடோக்ரிட் இரண்டு முறை பார்த்ததில் 35-லேயே நிற்கிறது. டெங்குவில் பிளாஸ்மா கசிந்தால் அது ஏறும். மண்ணீரல் பெரிதாவதும் டெங்குவில் வழக்கமில்லை. இருந்தாலும் டெங்கு எதிர்ப்பொருள் பரிசோதனையான ஐஜிஎம் அனுப்புகிறோம். அது பாசிட்டிவ் என்று வந்தாலும் ஸ்க்ரப் டைபஸ் விலகிவிடாது. சமீபத்தில் வந்துபோன டெங்குவும் ஐஜிஎம் காட்டும், இரண்டு நோயும் சேர்ந்தும் வரும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில், ஒரு மருத்துவமனையில், ஆறு வயதுப் பையன் ஒருவனை டெங்கு என்று வைத்து மூன்று நாள் பார்த்தோம். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் காலையும் மாலையும் எழுதிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அவனுக்கு உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் அக்கா வந்து, "டாக்டர், அரைஞாண்கயித்துக்குக் கீழ ஏதோ சுட்ட புண்ணு மாதிரி இருக்கு" என்றார். கயிற்றை விலக்கிப் பார்த்தால், சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு வளையம், தொட்டால் வலி இல்லை. எஸ்கார், அதாவது ஸ்க்ரப் டைபஸ் பூச்சி கடித்த இடத்தில் வரும் புண். மூன்று நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கும்.

ஸ்க்ரப் டைபஸை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுசுகாமுஷி என்ற கிருமி, புதர்களில் இருக்கும் ஒரு சிறு பூச்சியின் லார்வா கடிப்பதால் உடம்புக்குள் போகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று பேச்சில் சொன்னாலும் இது நாய், மாட்டு உண்ணி அல்ல. லார்வா கண்ணுக்கே சரியாகத் தெரியாது. துணியோ கயிறோ இறுக்கமாக இருக்கும் இடத்தில் நின்று கடிக்கும். அதனால் அரைஞாண்கயிறு, ஜட்டி எலாஸ்டிக், அக்குள், தொடை இடுக்கு, பையன்களுக்கு விதைப்பை, பெண் குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்புறமும் ஜடைக்குள்ளும் என்று இடம் இடமாகத் தேட வேண்டும். ஈரமான இடுக்குகளில் கருப்புப் பொருக்கு இருக்காது. வெறும் வெளிறிய ஆழமில்லாத புண்ணாகத் தெரியும். இன்னொரு வழி, எங்கே நெறி கட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த நெறிக்கு வடிகிற பகுதியைத் திரும்பத் தேடுவது.

நம் குழந்தையில் இப்படித் தேடியும் எஸ்கார் கிடைக்கவில்லை. வேண்டுமென்றேதான் கேஸை அப்படி வைத்தேன். கிடைத்திருந்தால் கட்டுரை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். எஸ்கார் இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டால் அந்த அளவுக்கு எதுவும் உறுதியாவதில்லை, ஏனென்றால் எஸ்கார் காணப்படும் குழந்தைகளின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு வெகுவாக மாறுகிறது. எனவே "எஸ்கார் இல்லை" என்று எழுதாமல், "உச்சந்தலை, காதின் பின்புறம், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்புச் சுற்று ஆகிய இடங்களில் தேடியும் காணவில்லை" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி, தேடியவரையும் தேடாதவரையும் பிரித்துக் காட்டிவிடும்.

எஸ்கார் இல்லாமலே ஸ்க்ரப் டைபஸ் எதையெல்லாம் விளக்குகிறது? பருவம், வயலோரம், முதல் வார முடிவில் தடிப்பு, விடாத காய்ச்சல், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், ஏறிய கல்லீரல் என்சைம்கள், குறைந்த பிளேட்லெட், ரத்தக்குழாய் கசிவினால் ஊதிய முகம், பெனிசிலின் வகை மருந்துக்கு அசையாத தன்மை. கண் சிவப்பும் அதில் வரும். அதிகம் விளக்குவது இதுதான். ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை முடிந்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் கவாசாகி இன்னும் நிற்கிறது.

டோமிசாகு கவாசாகி 1967-ல் ஐம்பது குழந்தைகளின் விவரத்தோடு ஜப்பானில் எழுதிய இந்த நோய்க்கு இன்றும் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஐந்து நாளோ அதற்கு மேலோ காய்ச்சல், கூடவே ஐந்து அடையாளங்களில் நான்கு: பீளையில்லாத கண் சிவப்பு, உதடு நாக்கு மாற்றம், தடிப்பு, கை கால் வீக்கம் அல்லது சிவப்பு, கழுத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத நெறி. நம் குழந்தைக்குக் கண்ணும் தடிப்பும் என்று இரண்டுதான் இருக்கின்றன. உதடு வெடிக்கவில்லை, நாக்கு சாதாரணமாக இருக்கிறது. ஆனால் முழு அடையாளம் இல்லாத கவாசாகியும் உண்டு. அதற்கான வழிமுறைப்படி, இரண்டு மூன்று அடையாளத்தோடு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மேலும் ஆறு ஆய்வக அளவுகளைப் பார்க்க வேண்டும். மூன்று பொருந்தினாலோ எக்கோவில் மாற்றம் இருந்தாலோ கவாசாகி என்று சிகிச்சை தரலாம். இவளுக்கு சிஆர்பி 6.8. ஆல்புமின் 2.9, கல்லீரல் என்சைம் உயர்வு என்று இரண்டு பொருந்துகின்றன. விளிம்பில் நிற்கிறாள்.

எதிராக இருப்பது பிளேட்லெட். கவாசாகியில் இரண்டாம் வாரத்தை நோக்கி அது ஏறும், இறங்கியிருப்பது அபூர்வம். மண்ணீரல் வீக்கமும் கவாசாகியின் வழக்கமான அடையாளம் அல்ல. அதனால் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். ஆனால் தள்ளிவிடவில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு இதய ரத்தக்குழாயில் வீக்கம் வருகிறது. காய்ச்சலின் பத்தாம் நாளுக்குள் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் அது நூற்றுக்கு நான்கு அளவுக்குக் குறைகிறது. இங்கே நோய்க்கு ஒரு கெடு இருக்கிறது, அந்தக் கெடுவையும் தராசில் வைத்தாக வேண்டும்.

இன்று ஏழாம் நாள். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். அதாவது ஒன்பதாம் நாள் பதில் தெரியும், பத்தாம் நாள் கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கும். காத்திருப்பதற்கு இடம் இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. இதே குழந்தை ஒன்பதாம் நாள் வந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்தே தொடங்கியிருப்பேன். மாணவர்கள் பலர் சாத்தியத்தை மட்டும் எடைபோட்டு, காலத்தை விட்டுவிடுகிறார்கள். ஏழாம் நாளிலேயே இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்றும் சிலர் எழுதுவார்கள். கொடுத்தால் காய்ச்சல் எதற்கு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்கு வாரக்கணக்கில் ஆஸ்பிரினும் திரும்பத் திரும்ப எக்கோவும் தேவையா என்பதும் தெரியாமல் போகும்.

எட்டு வயதுக்குள் டாக்சிசைக்ளினா என்ற கேள்வி வரும். பல் கறை பயம் பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளிலிருந்து வந்தது. டாக்சிசைக்ளின் கால்சியத்தோடு அந்த அளவு ஒட்டுவதில்லை. குறுகிய காலம் கொடுத்த குழந்தைகளில் அந்தக் கறை பார்க்கப்படவில்லை. 21 நாள் வரை எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமே சொல்கிறது. கிலோவுக்கு 2.2 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. 14 கிலோ எடையுள்ள இவளுக்கு வேளைக்கு 30 மில்லிகிராம் அளவில் வரும். ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசா இன்றே அனுப்புகிறோம். ஆனால் முதல் வாரத்தில் அது நெகட்டிவாக வரலாம் என்பதால், முடிவு எப்படி வந்தாலும் இன்றைய மருந்து மாறாது. அதையும் எழுத வேண்டும்; பரிசோதனை எதை மாற்றும், எதை மாற்றாது என்று முன்கூட்டியே சொல்வதுதான் அதை அனுப்பியதற்கான நியாயம்.

ஆக, நல்ல விடையின் கடைசிப் பத்தி ஏறக்குறைய இப்படி வரும்: "முதன்மைச் சாத்தியம் ஸ்க்ரப் டைபஸ், இன்று மாலையே டாக்சிசைக்ளின். எக்கோ இன்றே; சாதாரணமாக இருந்தாலும் முதல் வாரத்தில் அது கவாசாகியை விலக்காது. உதடு, நாக்கு, உள்ளங்கை, பிளேட்லெட் தினமும். எஸ்கார் தேடல் நாளைக் காலை குளியலின்போது மறுபடி. ஒன்பதாம் நாள் மாலை காய்ச்சல் 38-க்கு மேல் நின்றாலோ, அதற்குள் மூன்றாவது அடையாளம் தோன்றினாலோ, பிளேட்லெட் ஏறத் தொடங்கினாலோ, எக்கோவைத் திரும்ப எடுத்து, இம்யூனோகுளோபுலின் 28 கிராம் தயாராக வைத்திருந்து, பத்தாம் நாளுக்குள் தொடங்குவோம்."